பழுக்கட்டும், பிதுக்க வேண்டாம்

புட்டத்தில் கட்டியுடன் வந்த லாரி ஓட்டுநர் ஒருவர், முந்தைய நாள் அதைப் பிதுக்கியிருந்தார். நெல்லிக்காய் அளவிலிருந்த வீக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து பரவியிருந்தது.

வியர்வையும் உராய்வும் மிகுந்த அக்குளிலும் புட்டத்திலும் மயிர்க்கால் சிராய்த்தால், தோலில் வாழும் ஸ்டெபைலோகாக்கஸ் பாக்டீரியா உள்ளே நுழைகிறது. அதனுடன் போரிட்டு மடியும் வெள்ளணுக்களே சீழாகின்றன. கிருமி பரவாதிருக்க உடல் அதைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறது. பிதுக்கும்போது அந்தச் சுவர் உட்புறமாகக் கிழிகிறது. கிருமி சுற்றுத் திசுக்களுக்கும், சில வேளை இரத்தத்துக்கும் செல்கிறது.

வெந்நீர் ஒற்றடம் இரத்த ஓட்டத்தைப் பெருக்கி, சீழை மேலே திரளச் செய்யும். பொறுக்கும் சூட்டில் 10 நிமிடம், நாளுக்கு 3 அல்லது 4 முறை கொடுத்தால், சிறு கட்டி பெரும்பாலும் தானே உடைந்து வடியும். காய்ச்சலோ பரவும் சிவப்போ நீரிழிவோ இருந்தால் காத்திராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தேவையெனில் அவரே கீறிச் சீழை அகற்றுவார். அந்த ஓட்டுநருக்கு நான் செய்ததும் அதுவே.