எழுபதுக்கு மேல் எத்தனை பேர்?

2000 பேர் எழுதிய ஒரு கணக்குத் தேர்வு. மதிப்பெண் பட்டியல் கையில் இல்லை; சராசரி 55, திட்ட விலக்கம் 12 என்ற இரண்டு எண்கள் மட்டும் தெரியும். 70க்கு மேல் வாங்கியவர்கள் எத்தனை சதவீதம்? மதிப்பெண்கள் மணி வடிவில், அதாவது சராசரியை ஒட்டிக் கூட்டமாகவும் இரு ஓரங்களில் சிலராகவும் பரவியிருந்தால் இதற்கு விடை சொல்லிவிடலாம். புள்ளியியல் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கும் திட்ட இயல்நிலை அட்டவணை அதற்குத்தான்.

சராசரியிலிருந்து 70 எவ்வளவு தள்ளி இருக்கிறது? 15 மதிப்பெண். அந்த 15ஐத் திட்ட விலக்கமான 12ஆல் வகுத்தால் 1.25 வரும். இதுதான் இசட் மதிப்பு. இலங்கையில் உயர்தரப் பரீட்சை எழுதியவர்கள் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்து பார்க்கும் இசட் புள்ளியும் இதே வகுத்தலில் பிறந்ததுதான்.

இனி அட்டவணை. இடது ஓரத்தில் 1.2 என்ற வரியில் விரலை வைத்து, மேலே 0.05 என்றிருக்கும் பத்திவரை நகர்த்தினால் 0.3944 கிடைக்கும்.

அவசரக்காரர்கள் இதையே விடையாக எழுதி, 39 சதவீதம் என்று முடித்துவிடுவார்கள். அது தவறு. அந்த எண் குறிப்பது சராசரிக்கும் 70க்கும் இடையில் இருப்பவர்களை. சராசரிக்கு மேலே மொத்தம் பாதிப்பேர், அதாவது 0.5. அதிலிருந்து 0.3944ஐக் கழித்தால் 0.1056. ஆக, 70ஐத் தாண்டியவர்கள் 10.56 சதவீதம், 2000 பேரில் ஏறத்தாழ 211 பேர்.

வேறொரு புத்தகத்தில் அதே கட்டத்தில் 0.8944 என்று இருக்கலாம். அச்சுப்பிழை அல்ல. அந்த அட்டவணை இடது கோடியிலிருந்தே எண்ணிக்கொண்டு வருகிறது. அதை 1லிருந்து கழிக்க வேண்டும், விடை அதேதான். கையில் இருப்பது எந்த வகை என்று அறிய முதல் கட்டத்தைப் பார்த்தால் போதும். அங்கே 0.0000 இருந்தால் முதல் வகை, 0.5000 இருந்தால் இரண்டாவது.

இந்த வளைவின் கீழுள்ள பரப்பைக் கணிக்க எளிய சூத்திரம் கிடையாது. அதனால்தான் அட்டவணை தேவைப்பட்டது. இத்தகைய முதல் அட்டவணையை 1799இல் கிறிஸ்டியன் கிராம்ப் வெளியிட்டார். அவர் கணக்கிட்டது மாணவர்களை அல்ல, காற்றில் வளையும் நட்சத்திர ஒளியை!

மதிப்பெண்கள் மணி வடிவில் இல்லாவிட்டாலும் அட்டவணை ஏதோ ஓர் எண்ணைத் தந்துகொண்டுதான் இருக்கும். எளிதான ஒரு தேர்வில் சராசரி 88, திட்ட விலக்கம் 10 என்று வைத்துக்கொண்டால், 100க்கு இசட் மதிப்பு 1.2. நூற்றுக்கு நூறையும் தாண்டியவர்கள் 11.5 சதவீதம் என்று அட்டவணை கூசாமல் சொல்லும்.