நனையாமல் ஆற்றை அளப்பது

அக்கரையில், தண்ணீர் தொடும் இடத்தில் தெளிவாகத் தெரியும் ஒரு பாறையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு நேர் எதிரே, இக்கரையின் நீரோரத்தில் ஒரு குச்சியை நடுங்கள். அங்கிருந்து கரையோடு நேர்கோட்டில் 60 எட்டு நடந்து இரண்டாவது குச்சி. அதே கோட்டில் இன்னும் 30 எட்டு போய் மூன்றாவது குச்சி. இப்போது ஆற்றுக்கு முதுகைக் காட்டி, கரைக்குச் செங்குத்தாக உள்ளே நடக்க வேண்டும். நடக்க நடக்கத் திரும்பிப் பாருங்கள். இரண்டாவது குச்சி அந்தப் பாறையைச் சரியாக மறைக்கும் இடம் ஒன்று வரும். அங்கே நில்லுங்கள்.

மூன்றாவது குச்சியிலிருந்து அதுவரை 42 எட்டு என்றால், ஆற்றின் அகலம் 84 எட்டு.

இரண்டாவது குச்சியில் முனை தொட்டபடி இரண்டு முக்கோணங்கள் இருக்கின்றன. பெரியது ஆற்றின் மேல், சிறியது நம் காலடியில். பள்ளிக் கணக்கில் வந்த வடிவொத்த முக்கோணங்கள்தான். 60-க்கு 30 என்பதால் சிறியது எல்லாப் பக்கத்திலும் பாதி. 42-ஐ இரட்டித்தால் போதும். எட்டை மீட்டராக்க, நாடா பிடித்து அளந்த 100 மீட்டரை முன்பே ஒருமுறை நடந்து எண்ணி வைத்திருக்க வேண்டும். 133 எட்டு ஆனால் ஓர் எட்டு ஏறக்குறைய 75 சென்டிமீட்டர். ஆறு 63 மீட்டர்.

ரோமானிய நில அளவர் மார்க்கஸ் யூனியஸ் நிப்சஸ், அளந்து செல்லும் கோட்டுக்குக் குறுக்கே ஆறு வந்தால் என்ன செய்வது என்று எழுதி வைத்ததும் இப்படி முக்கோணம் கொண்டுதான்.

கரையோர மணலில் கால் புதைந்து எட்டு குறுகினாலும் பெரிய கேடில்லை. 60, 30 இரண்டும் ஒரே அளவில் குறுகும், விகிதம் மாறாது. கடைசி 42 அப்படியல்ல. அது கரைமேட்டில் ஏறும் நடை, அங்கே எட்டு சிறுத்தால் ஆறு அகன்றதாகத் தெரியும். முடிந்தால் அந்தத் துண்டை மட்டுமாவது கயிறு போட்டு அளப்பது நல்லது.

இதைவிடப் பெரிய தொல்லை கோணம். பாறை நேர் எதிரே இல்லாமல் சற்றுச் சாய்ந்திருப்பதால் கெட்டுவிடாது. பத்து பாகை சாய்ந்தாலும், உள்ளே நடக்கும் கோடும் அதே சாய்வில் இருந்தால், தவறு நூற்றுக்கு இரண்டைத் தாண்டாது. இரண்டு கோடுகளும் இணையாக இல்லாவிட்டால்தான் ஆபத்து. கரையில் நடந்த 60 எட்டு ஆற்றின் அகலத்துக்குச் சமமாக இருந்தால், உள்ளே நடக்கும் கோடு ஐந்து பாகை பிசகுவதால் பத்தில் ஒரு பங்கு தவறும். அகலத்தில் கால்பங்கு மட்டும் கரையில் நடந்திருந்தால், அதே ஐந்து பாகைக்கு விடை பாதிக்கு மேல் ஊதிப்போகும். ஆகவே, ஆறு எவ்வளவு அகலம் என்று தோன்றுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் கரையில் நடந்துவிடுங்கள். செங்கோணத்துக்கு, கொத்தனார்கள் மூலைமட்டம் பார்க்கும் 3-4-5 கயிறே போதும்.

சந்தேகமிருந்தால், இரண்டாவது குச்சியைப் பிடுங்கி வேறு தூரத்தில் நட்டு மறுபடி நடந்து பாருங்கள். முதல் விடை 84, அடுத்தது 86 என்றால் நம்பலாம். 84-உம் 110-உம் வந்தால் திரும்பிய கோணத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.