சந்தையைப் பார்த்தல் – 9: இருபது ரூபாய்க் கூறு

எடை போடாமல், முதுகெலும்பைத் தடவிப் பார்த்தே கறி எத்தனை கிலோ தேறும் என்று சொல்லும் ஆட்டு வியாபாரிகளைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் காய்கறிப் பக்கம் கண்ணில் பட்ட ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. ஆடுகள் கொஞ்சம் காத்திருக்கட்டும். தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நம் விதி நினைவிருக்கும்: சந்தையில் யாரிடமும் "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்பதில்லை. கையில் இருப்பதை வைத்து எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்ப்பதோடு சரி. மற்றவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளலாம்.

புதுக்கோட்டை சந்தைப்பேட்டையில் வெள்ளிக்கிழமை வாரச்சந்தை. விடியும் முன்பே ஆட்டு வியாபாரம் சூடு பிடித்துவிடும். வெயில் ஏற ஏறக் கூட்டம் காய்கறிப் பக்கம் சாயும். தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் பலரிடம் தராசு கிடையாது. தக்காளி, கத்தரி, பச்சை மிளகாய் எல்லாவற்றையும் கூறு கட்டி வைத்திருப்பார்கள். "கூறு இருபது, கூறு இருபது" என்பது காலை முதல் மாலை வரை மாறாத குரல். நாம் பிறந்தது முதல் பார்க்கும் காட்சி என்பதால் அதில் பார்க்க ஒன்றுமில்லை என்று கடந்துவிடுவோம். நானும் கடக்கத்தான் இருந்தேன். ஒரு கடைக்காரர் நிறுத்திவிட்டார். அவர் மேசை மேல் மின்னணுத் தராசு இருந்தது, முத்திரைச் சான்றும் தொங்கியது. ஆனாலும் தராசுக்கு முன்னால் வரிசையாகக் கூறு கட்டி வைத்திருந்தார்.

தராசு வாங்க வசதி இல்லை, அதனால் கூறு. இதுதான் எவரும் சொல்லும் காரணம். அதில் உண்மையும் உண்டு. இரும்பு எடைக்கற்களுக்கும் கைத்தராசுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை புதுப்பிக்க வேண்டும்; மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும். வாரம் ஒரு நாள் ஒரு கூடைக் காயோடு வருபவருக்கு அந்த அலைச்சலும் செலவும் கட்டாது. ஆனால் தராசு உள்ளவரும் கூறு கட்டுகிறார் என்றால், அந்தக் காரணம் பாதிதான். சமாளிப்பு எதைக் கண்டாலும் நான் முதலில் செய்வது இதைத்தான்: குறை என்று நாம் நினைப்பது எவரிடம் இல்லையோ அவரைத் தேடுவது. அவரும் அதையே செய்தால் குறை வேறெங்கோ இருக்கிறது.

அடுத்த காரணம் சில்லறை. கணக்குப் போட்டுப் பாருங்கள். தக்காளி கிலோ 30 என்றால் கால் கிலோ ஏழரை ரூபாய். 34 என்றால் எட்டரை. இந்த அரை ரூபாயை யார் கொடுப்பது, யார் வாங்குவது? கூறில் இந்தத் தகராறே இல்லை. விலை அசையாமல் நிற்கும், அளவு அசையும். கிலோ 30 விற்கும் நாளில் இருபது ரூபாய்க் கூறில் ஏறக்குறைய 660 கிராம் இருக்க வேண்டும். 50-க்கு ஏறினால் 400 கிராம். நோட்டு அதே நோட்டு, வாய் சொல்வது அதே இருபது. ஏற்ற இறக்கம் முழுவதையும் குவியல் தாங்கிக்கொள்கிறது. காலையில் ஐந்து பழம் வைத்த கை, வெயில் தாழ்ந்ததும் ஏழு வைக்கிறது, கடைசியில் இரண்டு கூறை ஒன்றாகத் தள்ளுகிறது. விலைப் பலகையை அழித்து எழுத வேண்டிய வேலையே இல்லை.

இந்த வாரம் என்னை உட்கார விடாத சேதி இங்கேதான் வருகிறது. இதே ஊர் ஒரு காலத்தில் சில்லறைச் சிக்கலை எதிர்த்திசையிலிருந்து தீர்த்திருக்கிறது. அம்மன் காசு. திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் உருவம் ஒரு பக்கம், தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்று மறுபக்கம், விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிறிய செம்புக் காசு. தொண்டைமான்களின் சமஸ்தானம் வெளியிட்டது. நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசி வழங்கும்போது அம்மன் காசும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். அந்தக் காசின் மதிப்புதான் என்னை அசத்தியது. இருபது அம்மன் காசு ஓர் அணா. பதினாறு அணா ஒரு ரூபாய். ஆக ஒரு ரூபாய்க்கு 320 காசு. அதே காலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த மிகச் சிறிய நாணயம் பைசாவிலும் சிறிய 'பை'. அது அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு, ரூபாய்க்கு 192. அதாவது சுற்றியிருந்த சென்னை மாகாணத்தில் ஒரு 'பை' கொடுக்க வேண்டிய இடத்தில், புதுக்கோட்டைக்காரர் அதைவிடச் சிறிய ஒன்றைக் கொடுத்து வாங்க முடிந்திருக்கிறது! ஒரு கொத்து கறிவேப்பிலைக்கும் ஒரு பிடி உப்புக்கும் தனி விலை இருக்க முடியும். அளவை விலைக்கு ஏற்ப வளைக்க வேண்டியதில்லை, விலையை அளவுக்கு ஏற்ப நறுக்கலாம்.

1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. 1957-இல் தசமக் காசு வந்தது. 2011 ஜூன் முடிவோடு 25 காசும் செல்லாததானது. கீழ்ப்படிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. எஞ்சியதில் பத்து ரூபாய் நாணயத்தைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் கடைகளே வாங்க மறுத்தன. 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நாணயத்தை ஊரே மறுத்தால் அதன் இடத்தைக் கிழிந்த நோட்டு பிடிக்கும், அல்லது காய் பிடிக்கும். சந்தையில் இரண்டையும் பார்த்தேன். இரண்டு ரூபாய் மீதிக்கு ஒரு கை கொத்தமல்லி கொடுத்து, "இத வச்சுக்க தாயி" என்றார் ஒரு பாட்டி. வாங்கியவரும் மறுபேச்சு பேசவில்லை.

அப்படியானால் ஜிபே வந்ததும் கூறு மறைந்திருக்க வேண்டும் அல்லவா? கைபேசியில் எட்டரை ரூபாயை எட்டரையாகவே அனுப்பலாமே? இதையும் பார்த்தேன். கைபேசியில் பணம் அனுப்புபவர்களும் கூறுதான் வாங்குகிறார்கள். அதோடு, தரையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளிடம் அந்தக் கட்டங்கட்டமான அட்டை இல்லை. "பக்கத்துக் கடைக்காரத் தம்பிக்குப் போட்டுவிடு" என்கிறார்கள். அந்தத் தம்பியின் ஒலிப்பெட்டி தொகையைச் சொன்னதும், தன் கல்லாவிலிருந்து இருபது ரூபாய் நோட்டை எடுத்து எட்டி நீட்டுகிறார். இதே காட்சி, ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு வரிசைகளில். பாட்டிக்கு வேண்டியது கைபேசிச் செயலி அல்ல. பணம் வந்துவிட்டது என்று காதால் கேட்க வேண்டும், சாயங்காலம் பஸ்ஸுக்கும் வீட்டுச் சாமானுக்கும் தாளாகக் கையில் இருக்க வேண்டும். மகன் பெயரில் உள்ள அட்டையைத் தொங்கவிட்டால் பணம் மகனுக்குப் போகும். பக்கத்துக் கடை என்றால் அந்த நிமிடமே கைக்கு வரும்.

ஆகவே தராசும் சில்லறையும் சேர்ந்தாலும் கூறு முழுதாக விளங்கவில்லை. தராசுக் கடைக்காரரின் எதிரே தேநீர்க் கடைப் பலகையில் உட்கார்ந்து, கூறுக்கு யார் குனிகிறார்கள் என்பதை மட்டும் பார்த்தேன். பை நிறைய வாங்குபவர்கள் தராசுக்குப் போனார்கள். கூறுக்குக் குனிந்தவர்கள் வயதானவர்கள், தனியாக வந்த ஆண்கள், வேலை முடிந்து பஸ்ஸுக்கு ஓடும் பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் எடுத்தது ஒரே காய்க் கூறை அல்ல. ஓரத்தில் தனியாக வைத்திருந்த கலப்புக் கூறை: இரண்டு கத்தரி, ஒரு முருங்கை, ஒரு துண்டு பூசணி, நாலு மிளகாய். அன்றைய சாம்பாருக்கு அது போதும். மாலையில் முதலில் தீர்ந்ததும் அதுதான். "ஒரு கத்தரிக்கா, ஒரு முருங்கக்கான்னு கேட்டா மூஞ்சியச் சுளிக்கிறாங்க. இதுல எல்லாம் இருக்கு" என்று ஒரு பெரியவர் தன் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. நான் கேட்டிருந்தால் இந்தப் பதில் வந்திருக்காது. கேட்டால் எல்லோரும் சொல்வது நிழல் வேண்டும், கடன் வேண்டும் என்பதுதான். ஏற்கெனவே சமாளித்துவிட்டதைக் குறையாக எவரும் சொல்வதில்லை.

சமாளிப்புக்குள் ஒரு தேவை ஒளிந்திருப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கமும், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும் பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்த கதை ஊரறிந்தது. பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியதில் ஒரு சின்ன விவரம் உண்டு. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு. பெண்கள் ஆண்கள் சைக்கிளை எடுத்தார்கள். ஆனால் சிலர் அதையே விரும்பி எடுத்தார்கள். காரணம், இருக்கையிலிருந்து கைப்பிடிக்குப் போகும் அந்தக் குறுக்குக் கம்பி. அதில் குழந்தையை உட்கார வைக்கலாம். விற்பனைப் புத்தகத்தை மட்டும் பார்த்தவர் "லேடீஸ் சைக்கிள் கிடைக்காததால் இதை எடுத்தார்கள்" என்று எழுதிக்கொள்வார். கம்பியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பார்த்தவருக்குத்தான், அந்தத் தாய்க்கு இன்னொரு உயிரையும் ஏற்றிக்கொண்டு போகும் வண்டி வேண்டும் என்பது தெரியும்.

இப்படிப் பார்ப்பதற்கு எல்லையும் உண்டு. வெள்ளிக்கிழமை வந்தவர்களைத்தான் வெள்ளிக்கிழமை பார்க்க முடியும். கூலி கிடைக்காததால் அன்று வராமல் போனவர், நடக்க முடியாததால் வீட்டிலேயே இருந்துவிட்டவர் எவரும் நம் கண்ணில் படமாட்டார்கள். நமக்குப் பிடித்த விளக்கம் ஒன்று கிடைத்ததும், மற்ற எல்லாம் அதற்கு ஏற்றாற்போலவே தெரியத் தொடங்கும். அதனால்தான் தராசு உள்ளவரையும், கைபேசியில் பணம் அனுப்புபவரையும் தேடிப் பிடித்தேன். அவர்கள் இருவரும் என் முதல் இரண்டு விளக்கங்களையும் சாய்த்தார்கள். கலப்புக் கூறு இன்னும் சாயவில்லை. வேறொரு சந்தையில், கறம்பக்குடியிலோ அறந்தாங்கியிலோ, கலப்புக் கூறு வைத்தும் விற்காமல் கிடந்தால் அதுவும் சாயும்.

இதுவரை பார்த்ததை வைத்து என் தீர்ப்பு: ஒன்றிரண்டு பேர் மட்டுமே உள்ள வீட்டுக்கு, ஒருவேளைச் சமையலுக்கு வேண்டிய காயைக் கலந்து, ஒரே விலைக்கு எவரும் முறையாக விற்கவில்லை. தரையில் உட்கார்ந்த பெண்கள்தான் அந்த இடத்தை நிரப்புகிறார்கள். அவர்களிடம் இல்லாதது பத்து ரூபாய்த் தாள்கள். ஒரு பெண், சந்தைக் காசு வசூலிக்க வந்தவரிடமே நூறு ரூபாயை நீட்டிச் சில்லறை மாற்றிக்கொண்டதைப் பார்த்தேன். அன்றைக்குச் சந்தையில் அதிகச் சில்லறை வைத்திருப்பவர் அவர்தான் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. ஊரில் வங்கி நடத்துபவர்களும் நகராட்சி நிர்வாகமும் இதைப் படித்தால் ஒன்று செய்யலாம்: வெள்ளிக்கிழமை காலையில் சந்தைப்பேட்டையில் ஒரு மேசை போட்டு, பத்து ரூபாய்த் தாளும் நாணயமும் மாற்றித் தாருங்கள். மதியம் வரை போதும்.

உங்கள் ஊர்ச் சந்தையில் கலப்புக் கூறு இருந்தால், அதில் என்னென்ன காய் வைக்கிறார்கள், யார் வாங்குகிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள். அடுத்த வாரம் ஆடு.