வெறும் பாட்டு வரி வந்தால் என்ன பொருள்?

குறுந்தொகை, நற்றிணைப் பாட்டுகளின் அடியில் ஒரு சிறு குறிப்பு இருக்கும். இதைச் சொன்னது தலைவியா தோழியா, யாரிடம் சொன்னாள், எந்தச் சூழலில் சொன்னாள் என்று அது தெரிவிக்கும். அந்தக் குறிப்புகளில் ‘தலைவன் சிறைப்புறத்தானாக’ என்பது அடிக்கடி வரும். தலைவன் வேலிக்கு அப்பால் வந்து நிற்கிறான். அவன் நிற்பது தோழிக்குத் தெரியும். ஆனாலும் அவனைப் பார்த்து அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஊரில் அலர் கிளம்பிவிட்டது, காவல் கடுமையாகிவிட்டது என்று தலைவியிடம்தான் சொல்கிறாள். கேட்க வேண்டியவன் கேட்டுக்கொள்வான்.

இன்றைக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு பாட்டு வரியை வைத்துவிட்டு, யார் யார் பார்த்தார்கள் என்று நொடிக்கொரு முறை திறந்து பார்ப்பவர் செய்வதும் இதைத்தான். எல்லோருக்கும் சொல்வது போல ஒருவருக்குச் சொல்வது. ஒரே வித்தியாசம், அடிக்குறிப்பு இல்லை. பாட்டைத் தொகுத்தவர்கள் பிற்பாடு சேர்த்தவை என்று கருதப்படும் அந்தக் குறிப்புகளிலேயே சில இடங்களில், ‘இன்னாருக்கு உரைத்ததூஉம் ஆம்’ என்று இரண்டாவதாக ஒரு சாத்தியத்தையும் சொல்லியிருக்கிறார்கள். கற்றுத் தேர்ந்தவர்களுக்கே அப்படி என்றால், இரவு பத்தரை மணிக்கு வந்த ஒரு பாட்டை வைத்துக்கொண்டு நாம் தூக்கம் கெடுவதில் வியப்பில்லை.

அனுப்புகிறவர் பக்கம் முதலில் பார்ப்போம். 1990-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சோதனை நடத்தினார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளில் ஒன்றை ஒருவர் மனசுக்குள் பாடிக்கொண்டு, மேசையில் விரலால் தாளம் மட்டும் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை வெறும் 3. தட்டுகிறவரின் தலைக்குள் வாத்தியங்களோடு முழுப் பாட்டும் ஓடுகிறது. கேட்கிறவருக்கோ டொக் டொக் என்ற சத்தம்தான். பாட்டு வரி அனுப்புகிறவருக்கும் இதுதான் நடக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த அந்த மாலை, அன்று எஃப்.எம்.மில் ஓடிய பாட்டு எல்லாம் அவருக்குள் இருக்கின்றன. வாங்குகிறவருக்கு அது ஒரு பழைய இளையராஜா பாட்டு, அவ்வளவுதான். ‘இவ்வளவு வெளிப்படையாச் சொல்லியும் அவளுக்குப் புரியலையே’ என்று மனம் உடைந்து போகிற பலர், உண்மையில் எதையுமே சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்படியென்றால் நேராகச் சொல்லலாமே? மறைத்துச் சொல்வதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர் இன்னும் இருவரோடு சேர்ந்து 2008-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று, மனிதர்கள் ஏன் சுற்றி வளைத்துப் பேசுகிறார்கள் என்பதை ஆராய்கிறது. அவர் தரும் உதாரணம் போக்குவரத்துப் போலீஸிடம் மாட்டிக்கொண்ட ஓட்டுநர். நம் ஊர் வழக்கில் சொன்னால், “சார், ஏதாவது பாத்துப் பண்ணுங்க.” வாங்குகிறவராக இருந்தால் புரிந்துகொள்வார், நேர்மையானவராக இருந்தால் லஞ்சம் கொடுக்க முயன்றதாக வழக்குப் போட முடியாது. அன்பைச் சொல்வதில் வழக்கு எதுவும் இல்லை. ஆனால் நட்பு போய்விடலாம், அலுவலகத்தில் தினமும் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கலாம். பாட்டு வரி என்றால், “சும்மாதான் அனுப்பினேன், பிடிச்ச பாட்டு” என்று பின்வாங்க இடம் இருக்கிறது. இருவருக்குமே உள்ளே விஷயம் தெரிந்திருந்தாலும், ‘எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும்’ என்று யாரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அதனால் மறுநாள் டீ குடிக்கச் சேர்ந்து போகலாம். இதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். உறவைக் காப்பாற்ற நினைக்கும் கவனம் இது.

சரி, வாங்கியவர் என்ன செய்வது? திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். மெர்ச்சண்டைசராக இருக்கும் பெண்ணுக்கு, கூட வேலை பார்ப்பவரிடமிருந்து ஒரு காதல் பாட்டின் யூடியூப் இணைப்பு வருகிறது. வேறு ஒரு சொல் இல்லை. பாட்டின் பொருளைத் துருவுவதில் பயனில்லை. நம் சினிமாப் பாட்டில் பெரும்பகுதி காதல் பாட்டுதான். கண்ணை மூடிக்கொண்டு எதை அனுப்பினாலும் காதல்தான் வரும். பார்க்க வேண்டியது அனுப்பிய விதத்தை. செய்திக்கு மேலே ‘Forwarded’ என்று இருந்தால் அது எங்கிருந்தோ வந்து கை மாறியது. இணைப்பின் கடைசியில் `t=95` என்பது போல இருந்தால், 95-ஆவது நொடியிலிருந்து பாட்டு தொடங்கும். அந்த இடத்தை யாரோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். போன வாரம் அவள் பேச்சுவாக்கில் சொன்ன பாட்டு என்றால், அவர் அதை நினைவில் வைத்திருக்கிறார். இதே பாட்டு ஆபீஸ் குரூப்பிலும் வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

ஸ்டேட்டஸ் இன்னும் சிக்கலானது. குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் தெரியும்படி வைக்க அதில் வசதி உண்டு. ஆனால் வேறு யாருக்கெல்லாம் தெரிகிறது என்பதைப் பார்ப்பவர் அறிய வழியில்லை. வேறொரு தோழியின் போனில் அது தெரிகிறதா என்று பார்த்தால் ஓரளவு விளங்கும்.

இத்தனையும் பார்த்த பிறகு கையில் இருப்பது ஊகம்தான். பாட்டைவிட நடத்தை அதிகம் சொல்லும். அவள் பதில் போட்டதும் பேச்சை வளர்க்கிறாரா, நேரில் பார்க்கும்போது தயங்குகிறாரா, பதில் வராதபோது அனுப்பியதை அழிக்கிறாரா? அதன் பிறகும் தெரியாவிட்டால் கேட்டுவிடலாம்: “பாட்டு நல்லா இருக்கு. எனக்குன்னு அனுப்பினீங்களா, இல்ல பொதுவாவா?” அவர் “சும்மாதான்” என்றால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டும். சொல்லவில்லை என்று அவரே சொன்ன பிறகு, ‘இல்லை, நீ சொன்னாய்’ என்று பிடிவாதம் பிடிப்பதும், அந்த ஸ்க்ரீன்ஷாட்டை நாலு பேருக்குக் காட்டுவதும் கொடுமை. அதேபோல, அவளுக்கு விருப்பமில்லை என்றால் பாட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நகரலாம். அந்த மௌனத்தை மறுப்பாக ஏற்றுக்கொள்ள வேண்டியது அனுப்பியவர் கடமை. தினம் ஒரு பாட்டாக அனுப்பிக்கொண்டே இருந்தால் அதற்குப் பெயர் தொல்லை.

காதலை மட்டும் தேடுவதால் இன்னொரு வகை ஒப்புதல் நம் கண்ணில் படாமல் போகிறது. கலகலப்பாக இருந்த ஒருவர், நாள் கணக்காக வாழ்க்கை போதும், எல்லோரிடமும் விடை பெறுகிறேன் என்ற பொருளில் பாட்டும் கவிதையுமாக வைத்துக்கொண்டே போனால், அதை ‘லவ் ஃபெயிலியர்’ என்று கிண்டல் செய்து கடந்துவிடுகிறோம். அங்கே ஊகம் செய்துகொண்டு காத்திருக்கக் கூடாது. தப்பாகக் கேட்டுவிட்டால் கொஞ்சம் சங்கடம், அவ்வளவுதான். கேட்காமல் விட்டால் ஒரு உயிரே போகலாம். தற்கொலையைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தது போல ஆகிவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. அது தவறு என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. போனை எடுத்து, “ஸ்டேட்டஸ் பாத்தேன். சாகணும்னு தோணுதா?” என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். ஆம் என்றால் தனியாக விடாமல் கூடவே இருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.