கீசருக்குத் தனி மின்வழி

தமிழ்நாட்டு வீடுகளின் குளியலறைகளில் பெரும்பாலும் இருப்பது 15 லிட்டர் கொள்ளளவும் 2,000 வாட் திறனும் கொண்ட கீசர். 230 வோல்ட்டில் இது ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். மிக்ஸியும் அதிக மின்சாரம் இழுப்பதுதான், ஆனால் சில நிமிடங்களில் அதன் வேலை முடிந்துவிடும். கீசரோ கால் மணி, அரை மணி நேரம் ஒரே அளவில் இழுத்துக்கொண்டிருக்கும். ஒயர் சூடாக அந்த நேரம் போதும். அதனால்தான் மின்பலகையிலிருந்து கீசர் வரை, வேறு எந்தக் கருவிக்கும் கிளை பிரியாத தனி மின்வழி தேவைப்படுகிறது. அறை விளக்கின் லைனிலிருந்து கிளை எடுத்துக் கீசருக்குக் கொடுப்பது செலவை மிச்சப்படுத்தும். ஆனால் விளக்குக்குப் போட்ட மெல்லிய ஒயர்தான் அந்தச் சுமை முழுவதையும் தாங்க வேண்டியிருக்கும்.

மின்பலகையிலிருந்து குளியலறை 15 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். பேஸ், நியூட்ரல் இரண்டும் சேர்ந்து 30 மீட்டர் செம்பு ஒயர். அது 1 சதுர மில்லிமீட்டர் ஒயராக இருந்தால், கீசர் ஓடும்போது ஒயரிலேயே சுமார் 40 வாட் வெப்பமாக வீணாகும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அது சுமார் 17 வாட்டாகக் குறையும். சுவருக்குள் புதைந்த குழாயில் மற்ற ஒயர்களோடு நெருக்கிக் கிடக்கும்போது இந்த வெப்பம் எளிதில் வெளியேறாது. ஆண்டுக்கணக்கில் இப்படிச் சூடாகும் ஒயரின் மேலுறை கடினமாகி வெடிக்கும். ஆகவே 2,000 வாட் கீசருக்கும், 3,000 வாட் உடனடிக் கீசருக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் பொருத்தமானது. தொலைவு மிக நீளமாக இருந்தாலோ, 4,500 வாட் கீசர் வாங்கினாலோ 4 சதுர மில்லிமீட்டருக்குப் போக வேண்டும். எர்த் ஒயரும் இவற்றோடு சேர்ந்தே மின்பலகை வரை வர வேண்டும்.

அடுத்தது எம்சிபி. அது கீசரைக் காக்கத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது காப்பது ஒயரை. எனவே அதன் அளவு கீசர் இழுக்கும் மின்சாரத்தைவிடக் கூடுதலாகவும், ஒயர் தாங்கும் அளவைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். 2,000 வாட் கீசரும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரும் உள்ள இடத்தில் 16 ஆம்பியர் எம்சிபி சரியாக அமையும். அது அடிக்கடி விழுகிறது என்பதற்காக 32 ஆம்பியருக்கு மாற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. அப்படி மாற்றினால் எம்சிபி விழாது, ஒயர்தான் கருகும்.

ஆனால் எம்சிபி மனிதரைக் காக்காது. உடலில் 50 மில்லி ஆம்பியர் அளவு பாய்ந்தாலே உயிர் போகலாம். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது கண்ணிலேயே படாது. அந்த வேலைக்கு உள்ளது ஆர்சிசிபி. பேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால், ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். உப்பு நீரில் அரித்துப்போன சூடேற்றும் கம்பியின் உறையில் விரிசல் விழும்போது கசிவது இப்படித்தான் பிடிபடும். கீசரை இணைத்தால் ஆர்சிசிபி விழுகிறது, பிளக்கைப் பிடுங்கினால் நிற்கிறது என்றால், கோளாறு கீசருக்குள் இருக்கிறது என்று கொள்ளலாம். விழுகிறதே என்று அதை நீக்கிவிட்டு நேராக இணைத்துக் குளிப்பதைவிட ஆபத்தான காரியம் குளியலறையில் வேறில்லை.

எர்த் இருந்தால், கீசரின் உலோக உடலுக்குக் கசியும் மின்சாரம் அதன் வழியே இறங்கும். யாரும் தொடுவதற்கு முன்பே ஆர்சிசிபி விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் யாரேனும் தொட்ட பிறகுதான் விழும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது. ஆனால் எர்த் சரியாக உள்ளதா என்பதை அந்தப் பட்டன் சொல்லாது. எர்த்தே இல்லாத வீட்டிலும் அது விழும். எர்த்தைத் தனியாக அளந்தே பார்க்க வேண்டும்.

சுவிட்சின் இடம் குளியலறைக்கு வெளியே, கதவை ஒட்டி, பெரியவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் அமைய வேண்டும். ஈரக்கையோடு தொடும் வாய்ப்பு அங்கே குறைவு. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தாலும் வெளியிலிருந்தே அணைக்கலாம். பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒரே தட்டலில் பிரிக்கும், சிவப்பு விளக்குடன் வரும் டபுள் போல் சுவிட்ச்தான் இதற்கு ஏற்றது. பேஸும் நியூட்ரலும் மாறி இணைக்கப்பட்ட வீட்டில், ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும் சாதாரண சுவிட்ச் அணைந்த பிறகும் கீசருக்குள் மின்சாரம் நிற்கும். கீசர் அருகே சாக்கெட் இருந்தால் அது தண்ணீர் தெறிக்காத உயரத்தில் இருக்க வேண்டும். பிளக்கின் முனைகள் பழுப்பேறியிருந்தால், அங்கே தொடர்பு தளர்ந்து சூடாகிறது என்று பொருள். பிளக், சாக்கெட் இரண்டையுமே மாற்ற வேண்டும்.

கீசரைப் பிரித்துச் சுத்தம் செய்ய ஆள் வரும்போது, சுவிட்சோடு மின்பலகையில் எம்சிபியையும் அணைத்து, டெஸ்டரால் சோதித்த பிறகே மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்.