மூலத்தைப் பார்த்தாலே ஆட்டம் தெரியும்

பழைய காரின் ஷாக் அப்சர்பர் இன்னும் தாங்குமா என்று பார்க்க மெக்கானிக்குகள் முதலில் செய்வது ஒன்றுதான். பானெட்டின் ஒரு மூலையில் இரண்டு கைகளையும் ஊன்றி, இரண்டு மூன்று தடவை அமுக்கிவிட்டு, வண்டி கீழே இருக்கும்போது சட்டென்று கையை எடுப்பார்கள். வண்டி மேலே எழும்பி, கொஞ்சம் தாண்டிப் போய், இறங்கி அடங்கிவிட்டால் நல்லது. ஆட்டம் நிற்காமல் தொடர்ந்தால் ஷாக் போய்விட்டது என்று பொருள். அவர்கள் கண்ணால் பார்க்கும் அந்த ஆட்டத்தைக் காகிதத்தில் ஒரு இருபடிச் சமன்பாடு முழுமையாகச் சொல்லிவிடும். கல்லூரி முதலாண்டில் சூத்திரமாக மனப்பாடம் செய்து பரீட்சையோடு மறந்துபோகும் பாடம் இது. அதைக் காரோடு சேர்த்துப் படித்தால் மறக்காது.

ஒரு டன் எடையுள்ள காரில் ஒரு சக்கரத்தின் மேல் விழும் பங்கு சுமார் 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதைத் தாங்கும் ஸ்பிரிங்கை ஒரு சென்டிமீட்டர் அமுக்க 250 நியூட்டன் விசை வேண்டும். ஏறக்குறைய ஒரு அரிசி மூட்டையை மேலே வைப்பது போன்ற விசை அது. மீட்டர் கணக்கில் 25000. ஸ்பிரிங் பக்கத்திலேயே எண்ணெய் நிறைந்த குழாயாக ஷாக் அப்சர்பர் இருக்கிறது. உள்ளே பிஸ்டன் நகரும்போது எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகப் பிதுங்கிப் போக வேண்டியிருப்பதால் அது எதிர்க்கிறது. எவ்வளவு வேகமாக நகர்கிறதோ அவ்வளவு எதிர்ப்பு. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் 1400 நியூட்டன் என்று எடுத்துக்கொள்வோம்.

வண்டி இயல்பாக நிற்கும் மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை y என்போம். y' அதன் வேகம், y'' முடுக்கம். நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் விசை என்ற நியூட்டனின் விதிப்படி மூன்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்தால்,

250y'' + 1400y' + 25000y = 0

எல்லாவற்றையும் 250-ஆல் வகுக்க,

y'' + 5.6y' + 100y = 0

இரண்டாம் வரிசை, நேரியல், மாறிலிக் கெழுக்கள் கொண்ட வகைக்கெழுச் சமன்பாடு என்று புத்தகம் சொல்வது இதைத்தான். தெரியாமல் இருப்பது ஒரு எண் இல்லை, நேரத்தோடு மாறும் ஒரு முழு வளைகோடு. தன்னையும், தன் வேகத்தையும், தன் முடுக்கத்தையும் இந்த அளவுகளில் கூட்டினால் எந்த நொடியிலும் பூஜ்யம் வரும்படியான வளைகோடு வேண்டும்.

இதற்கு வழி சொன்னவர் லியோனார்டு ஆய்லர். 1739-இல் தன் ஆசான் யோஹான் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் முறையை விவரித்தார். அது 1743-இல் அச்சில் வந்தது. வகையிட்டாலும் உருவம் மாறாத சார்பு ஒன்று உண்டு, அது e^(rt). வகையிட்டால் முன்னால் ஒரு r வந்து ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். இரண்டு முறை வகையிட்டால் r². ஆகவே y-க்குப் பதில் இதைப் போட்டதும் சமன்பாடு இப்படியாகும்:

(r² + 5.6r + 100) e^(rt) = 0

e^(rt) ஒருபோதும் பூஜ்யமாகாது. எனவே அடைப்புக்குள் இருப்பதுதான் பூஜ்யமாக வேண்டும். நுண்கணிதக் கேள்வி பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாடாக இறங்கிவிட்டது. இதற்குச் சிறப்பியல்புச் சமன்பாடு என்று பெயர்.

தீர்த்துப் பார்ப்போம். 5.6-இன் வர்க்கம் 31.36. அதிலிருந்து 400 கழித்தால் −368.64. வர்க்கமூலத்துக்குள் குறை எண். 368.64-இன் வர்க்கமூலம் 19.2. ஆக மூலங்கள் −2.8 + 9.6i, −2.8 − 9.6i.

இங்கேதான் பல மாணவர்கள் திகைத்து நிற்கிறார்கள். காரின் ஆட்டத்தில் கற்பனை எண்ணுக்கு என்ன வேலை? இந்தக் கேள்வி ஆய்லரின் கடிதங்களிலேயே இருக்கிறது. 1740-இல் பெர்னூலிக்கு எழுதும்போது அவர் y'' + y = 0 என்ற எளிய சமன்பாட்டை எடுத்துக்கொண்டார். 2cos t அதற்குத் தீர்வு. e^(it) + e^(−it) என்பதும் தீர்வு. தொடக்கத்தில் இரண்டின் மதிப்பும் 2, இரண்டின் வேகமும் பூஜ்யம். ஒரே சமன்பாடு, ஒரே தொடக்கம் என்றால் வளைகோடும் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும். அதனால் இரண்டும் சமம் என்றார். கணிதத்தில் இதைவிட எனக்குப் பிடித்த வாதங்கள் மிகக் குறைவு. i வேடம் போட்டு வந்த கொசைனும் சைனும்தான் அந்தக் கற்பனை மூலங்கள்.

ஆகவே மூலங்கள் கலப்பெண்களாக வந்தால் பொதுத் தீர்வை i இல்லாமலே எழுதிவிடலாம். மெய்ப்பகுதி அடுக்குக்குப் போகும், கற்பனைப் பகுதி கொசைன், சைனுக்குள் போகும்:

y = e^(−2.8t) (A cos 9.6t + B sin 9.6t)

A, B இரண்டும் வண்டியை எப்படி விட்டோம் என்பதைப் பொறுத்தவை. 5 சென்டிமீட்டர் கீழே பிடித்து, வேகம் எதுவும் கொடுக்காமல் விட்டால் A = 5. வேகம் பூஜ்யம் என்பது −2.8A + 9.6B = 0 என்று ஆகிறது. B ஏறக்குறைய 1.46.

இனி சமன்பாட்டை மறந்துவிட்டு மூலங்களை மட்டும் வாசிக்கலாம். 9.6 ஆட்டத்தின் வேகத்தைச் சொல்கிறது. 2π-ஐ 9.6-ஆல் வகுத்தால் ஒரு முழு ஆட்டத்துக்கு 0.65 நொடி. −2.8 ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் தேயும் என்பதைச் சொல்கிறது. ஒவ்வொரு அரை ஆட்டத்துக்கும் அளவு 0.4 மடங்காகச் சுருங்கும். 5 சென்டிமீட்டர் கீழே இருந்த வண்டி 2 சென்டிமீட்டர் மேலே போகும், பிறகு 0.8 கீழே, பிறகு 0.3 மேலே. அதற்குப் பிறகு கண்ணுக்குத் தெரியாது. மெக்கானிக் தலையாட்டிவிட்டுப் போகும் வண்டி இது.

எண்ணெய் கசிந்து எதிர்ப்பு 1400-லிருந்து 400-ஆகக் குறைந்துவிட்டால்? சமன்பாடு y'' + 1.6y' + 100y = 0. மூலங்கள் −0.8 ± 9.97i. கற்பனைப் பகுதி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரம் 0.65-லிருந்து 0.63 நொடியானது, அவ்வளவே. சரிந்தது மெய்ப்பகுதி. 5, 3.9, 3, 2.3, 1.8 என்று ஆட்டம் நீள்கிறது. ஆட்டத்தின் வேகத்தைப் பார்த்து ஷாக் அப்சர்பர் போய்விட்டதைக் கண்டுபிடிக்க முடியாது, எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணினால்தான் தெரியும்.

அப்படியானால் ஆட்டமே இல்லாதபடி எதிர்ப்பை நிறையக் கூட்டிவிடலாமே என்று தோன்றும். 6250 நியூட்டனுக்குக் கூட்டிப் பார்ப்போம். r² + 25r + 100 = 0. மூலங்கள் −5, −20. இரண்டும் மெய்யெண்கள், வெவ்வேறானவை. பொதுத் தீர்வு y = Ae^(−5t) + Be^(−20t). கொசைன் இல்லை, ஆட்டமும் இல்லை. ஆனால் இரண்டில் மெதுவான e^(−5t)தான் வண்டியை இழுத்துப் பிடிக்கும். 5 சென்டிமீட்டரிலிருந்து விட்டால் அரை நொடி கழித்தும் இன்னும் 0.55 சென்டிமீட்டர் பாக்கி இருக்கிறது. எதிர்ப்பை மேலும் கூட்டினால் இன்னும் மோசம். மூலங்களின் பெருக்கல்தொகை எப்போதும் 100, ஏனென்றால் அது ஸ்பிரிங்கும் எடையும் தீர்மானிப்பது. ஒன்று −100-க்குப் போனால் மற்றது −1-க்கு வந்துதான் ஆக வேண்டும். அப்போது ஒரு நொடி கழித்தும் வண்டி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இறங்கியே நிற்கும். அடுத்த பள்ளம் அதற்குள் வந்துவிடும்.

இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு ஒன்று இருக்கிறது. எதிர்ப்பு சரியாக 5000 என்றால் r² + 20r + 100 = 0. இது (r + 10)² = 0. மூலம் ஒன்றேதான், −10, இரண்டு முறை வருகிறது. தேர்வுத்தாளில் அதிகம் தவறு நடக்கும் இடமும் இதுதான். பழக்கத்தில் Ae^(−10t) + Be^(−10t) என்று எழுதிவிடுவார்கள். பார்க்க இரண்டு மாறிலிகள், ஆனால் கூட்டினால் ஒன்றுதான். நம் வண்டியைக் கொண்டே அதைச் சோதிக்கலாம். 5 சென்டிமீட்டர் என்பது A + B = 5 என்கிறது. வேகம் பூஜ்யம் என்பது A + B = 0 என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாது. தொடக்க நிலையைப் பொருத்த முடியவில்லை என்றால் பொதுத் தீர்வில் ஒரு பாதி காணாமல் போயிருக்கிறது என்று அர்த்தம்.

அந்தப் பாதியைக் கண்டுபிடிப்பது எளிது. y = u e^(−10t) என்று எழுதி, u-வை இன்னும் தெரியாத சார்பாக விட்டுவிட்டுச் சமன்பாட்டில் போட்டால் எல்லாம் அடிபட்டு u'' = 0 மட்டும் மிஞ்சும். முடுக்கமே இல்லாதது நேர்கோடு. ஆகவே u = A + Bt, y = (A + Bt) e^(−10t). நம் தொடக்கத்துக்கு A = 5, B = 50. அரை நொடியில் 0.2 சென்டிமீட்டர்தான் மிச்சம். அதிக எதிர்ப்பு கொடுத்த வண்டியில் 0.55 இருந்தது.

ஆனாலும் கார் தயாரிப்பவர்கள் இந்த எல்லைக்கோட்டுக்குப் போவதில்லை. அதில் பாதிக்கும் குறைவான எதிர்ப்போடு நிறுத்திக்கொள்வது வழக்கம். நாம் எடுத்த 1400 எல்லையில் 28 சதவீதம். சக்கரம் மேட்டில் ஏறும்போது விறைப்பான ஷாக் அப்சர்பர் அந்த அடியை அப்படியே உடம்புக்குக் கடத்திவிடும். வண்டி ஒருமுறை லேசாக எழும்பி இறங்குவதை முதுகெலும்பு பொறுத்துக்கொள்ளும், குத்தலைப் பொறுத்துக்கொள்ளாது.

நிஜ வண்டி நம் சமன்பாட்டுக்கு முழுதாக அடங்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஷாக் அப்சர்பர் அமுங்கும்போது ஒரு எதிர்ப்பும் நீளும்போது அதைவிடக் கூடுதலான எதிர்ப்பும் தரும்படி செய்யப்படுகிறது. அப்போது கெழு மாறிலியாக இருக்காது. நம் மூலங்கள் ஒரு சராசரி நடத்தையைத்தான் சொல்லும். தவிர, டயரும் ஒரு ஸ்பிரிங்தான், சக்கரத்துக்கும் தனி எடை உண்டு. அவற்றையும் சேர்த்தால் இரண்டாம் வரிசைச் சமன்பாடு நான்காம் வரிசையாகிறது, இருபடி நாற்படியாகிறது. ஆய்லரின் முறை எந்த வரிசைக்கும் பொருந்தும் என்பதால் வாசிக்கும் விதம் மாறுவதில்லை, மூலங்கள் மட்டும் நான்கு வரும். ஒரு ஜோடியின் கற்பனைப் பகுதி நாம் கண்ட 9.6-க்குப் பக்கத்தில் இருக்கும். அது வண்டி உடலின் ஆட்டம். இன்னொரு ஜோடியில் அது பல மடங்கு பெரிது, நொடிக்குப் பத்து முறைக்கும் மேல். கரடுமுரடான சாலையில் உடல் அசையாமலிருக்க சக்கரம் மட்டும் படபடவென்று துள்ளுவது அந்த ஜோடிதான். பானெட்டை அமுக்கிப் பார்ப்பவருக்கு அது தெரியாது.