முதல் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் நேர்காணல்

ஸ்ரீநகரில் இருந்த மண்டலப் பொறியியல் கல்லூரியில் மாணவர் சேர்க்கைக்கு எழுத்துத் தேர்வு 100 மதிப்பெண், நேர்காணல் 50 மதிப்பெண் என்று ஒரு காலத்தில் வைத்திருந்தார்கள். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியும் இடம் கிடைக்காத மாணவர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒருவரிடம் பேசியது இரண்டு மூன்று நிமிடந்தான், அதிலும் கேட்டது பெற்றோர் யார், வீடு எங்கே என்பதுதான் என்பது அவர்கள் சொன்ன குறை. அஜய் ஹாசியா வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் 1980 நவம்பரில் தீர்ப்பு வந்தது. மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை நேர்காணலுக்கு ஒதுக்குவது நியாயமற்றது, 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, நேர்காணலை ஒலிநாடாவில் பதிவு செய்வது நல்லது என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

பெற்றோர் யார், வீடு எங்கே. நம் ஊர் நேர்காணல்களில் இன்றும் முதலில் வருவது இந்தக் கேள்விகள்தான். "தம்பிக்கு எந்த ஊரு?" என்று அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஊர் தெரிந்ததும் தெரு, தெருவுக்குப் பிறகு "அங்கே இன்னாரைத் தெரியுமா?" என்று பேச்சு போகும். எதிரில் இருப்பவர் நம்மைச் சேர்ந்தவரா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். சாதியை வாய்விட்டுக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஸ்டோர் கீப்பர் வேலைக்கு இரண்டு பேர் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். தேர்வு செய்ய மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் வந்தவர் இஸ்திரி போட்ட சட்டையோடு, பளிச்சென்று வணக்கம் சொல்லி உட்காருகிறார். மேலாளர் படித்த அதே பாலிடெக்னிக்கில் படித்தவர். பழைய வாத்தியார்களைப் பற்றிய பேச்சிலேயே பத்து நிமிடம் போய்விடுகிறது. இரண்டாமவர் இரண்டு பஸ் மாறி, வியர்த்துப்போய் வருகிறார். குரலும் தணிந்த குரல்.

இருவர் விண்ணப்பத்திலும் எட்டு மாதம் வேலை இல்லாத இடைவெளி இருக்கிறது. மேலாளர் முதலாமவரிடம், "வீட்டில் ஏதாவது கஷ்டமா?" என்று கேட்கிறார். அவர் "ஆமாம் சார்" என்கிறார். இரண்டாமவரிடம், "வேலையை ஏன் விட்டீங்க?" என்று கேட்கிறார். அவர் தடுமாறுகிறார். இடைவெளி ஒன்றுதான். ஒருவருக்கு அது அனுதாபம், இன்னொருவருக்குக் குற்றச்சாட்டு. முதல் எண்ணம் வேலை செய்யும் விதம் இதுதான். முதல் சில நிமிடத்தில் ஒருவரைப் பற்றி ஒரு முடிவு மனதில் விழுகிறது. மீதி நேரமெல்லாம் அந்த முடிவை மெய்ப்பிக்கும் கேள்விகளே நம் வாயில் வருகின்றன, கேள்விக்கு ஏற்ற பதிலும் கிடைத்துவிடுகிறது. மேலாளர் பொய்யான மனிதர் அல்ல. தான் நடுநிலையாகக் கேட்டதாகவே மனதார நம்புவார்.

அதனால் மனசாட்சியைக் கேட்டுப் பயனில்லை. காகிதத்தைப் பார்க்க வேண்டும். எடுத்த குறிப்பில் "நல்ல பையன்", "நமக்கு ஒத்துவருவார்" என்று மட்டும் இருந்து, அவர் சொன்ன பதில் ஒன்றுகூட இல்லையென்றால் மதிப்பிட்டது வேலைத் திறனை அல்ல. மதிப்பெண் போட்டிருந்தால், ஒருவருக்கு எல்லாக் கட்டத்திலும் ஒரே எண் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920-லேயே இதைக் கவனித்து எழுதினார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களின் உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு என்று தனித்தனியாகப் போட்ட மதிப்பெண்கள் சந்தேகப்படும் அளவுக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போயின. ஒன்றில் பிடித்துவிட்டால் எல்லாவற்றிலும் பிடித்துவிடுகிறது.

இதற்கு உருப்படியான வழி கண்டவர்களில் டேனியல் கானமன் முக்கியமானவர். பிற்காலத்தில் பொருளாதார நோபல் பெற்ற அவர், 1955-ல் இருபத்தோரு வயது இளைஞராக இஸ்ரேல் ராணுவத்தில் இருந்தார். புதிதாகச் சேர்பவர்களை நேர்காணல் செய்து, பொதுவான அபிப்பிராயம் எழுதும் வழக்கம் அங்கே இருந்தது. பின்னால் அவர்கள் எப்படி வேலை செய்வார்கள் என்பதை அந்த அபிப்பிராயத்தால் கணிக்கவே முடியவில்லை. கானமன் ஆறு பண்புகளைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றுக்கும் நடந்ததைப் பற்றிய கேள்விகளை மட்டும் எழுதிக்கொடுத்தார். ஒரு பண்புக்கு 1 முதல் 5-க்குள் மதிப்பெண் போட்ட பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்றார். நேர்காணல் செய்தவர்கள், தங்களை இயந்திரமாக்குவதாகக் கோபப்பட்டார்கள். சரி, ஆறையும் முடித்த பிறகு கண்ணை மூடி, இவர் எப்படிப்பட்ட வீரராக வருவார் என்று நினைத்துப் பார்த்து ஒரு மதிப்பெண் போடுங்கள் என்று விட்டுக்கொடுத்தார். சில மாதம் கழித்து ஒப்பிட்டபோது புதிய முறையின் கணிப்பு பழையதைவிட எவ்வளவோ மேலாக இருந்தது. கண்ணை மூடிப் போட்ட மதிப்பெண்ணும் ஆறின் கூட்டுத்தொகைக்குக் குறையாமல் பலித்தது. எனக்கு இதில் பிடித்ததே இந்தக் கடைசிச் செய்திதான். உள்மனம் சொல்வதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அது கடைசியில் பேச வேண்டும்.

நூற்பாலைக்கு வருவோம். விண்ணப்பங்களைப் பிரிக்கும் முன்பே மூவரும் உட்கார்ந்து இந்த வேலைக்கு வேண்டிய நான்கை எழுதுகிறார்கள்: இருப்புக் கணக்கில் துல்லியம், எந்த ஸ்பேர் எப்போது தீரும் என்ற முன்யோசனை, அவசரக்காரர்களைச் சமாளிப்பது, தன் தவறைத் தானே சொல்வது. மூன்றாவதுக்கான கேள்வி இது: "ராத்திரி ஷிப்டில் மெஷின் நின்றுவிட்டது. பிட்டர் இண்டென்ட் இல்லாமல் பேரிங் கேட்கிறார். இப்படி நடந்தபோது என்ன செய்தீர்கள்?" எந்தப் பதிலுக்கு எத்தனை என்பதையும் முன்பே எழுதிவிடுகிறார்கள். வெறுமனே கொடுத்தேன் என்றாலும், கொடுக்கவே மாட்டேன் என்றாலும் 1. கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கினேன் என்றால் 3. கையெழுத்தும் வாங்கி, பின் கார்டில் உடனே பதிந்து, ஷிப்ட் பொறுப்பாளருக்குச் சொல்லி, காலையில் இண்டென்டும் வாங்கி வைத்தேன் என்றால் 5.

இருவருக்கும் அதே கேள்விகள், அதே வரிசை. பதில் வந்ததும் மூவரும் தனித்தனியே எண் போடுகிறார்கள். அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதில்லை. பேசும்போதும் மூவரில் இளையவர் முதலில் பேசுகிறார். மேலாளர் வாய் திறந்துவிட்டால் மற்றவர்களின் கருத்து அவர் பக்கம் சாய்ந்துவிடும். கடைசியில் இரண்டு பிழைகள் உள்ள ஒரு பின் கார்டைக் கையில் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்கிறார்கள். மேலாளரின் தாளில் முதலாமவருக்கு 3, 2, 3, 3, மொத்தம் 11. இரண்டாமவருக்கு 4, 5, 4, 3, மொத்தம் 16. பின் கார்டில் முதலாமவர் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார், இரண்டாமவர் இரண்டையும். "இருந்தாலும் முதல் ஆள்தான் எனக்கு..." என்று மேலாளர் ஆரம்பித்தால், "எந்தப் பதிலை வைத்துச் சொல்கிறீர்கள் சார்?" என்று மற்றவர்கள் மரியாதையோடு கேட்க முடிகிறது. முன்பு அப்படிக் கேட்க இடமே இருந்திருக்காது.

இந்தத் தாளையும் ஏமாற்றலாம். ஸ்டோர் கீப்பர் வேலைக்குச் சரளமான ஆங்கிலம் வேண்டும் என்று பட்டியலில் எழுதிவிட்டால், வேலைக்குத் தேவையில்லாத ஒன்றை வைத்துப் பாதிப்பேரை முன்னரே வெளியே நிறுத்தியாயிற்று. எல்லோரும் போன பிறகு, மாலையில் முடிவுக்கு ஏற்றபடி கட்டங்களை நிரப்புவதும் நடக்கும். எண் எப்போது எழுதப்பட்டது என்பதில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது.

சிறு கடை, இரண்டே ஊழியர்கள், இதற்கெல்லாம் நேரமில்லை என்பவர்களுக்கும் ஒரு தாளும் நான்கு கேள்வியும் போதும். அதுவும் முடியாவிட்டால், ஒன்றே ஒன்று செய்யுங்கள். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வியை நேர்காணல் அறைக்குள் கொண்டுவராதீர்கள். வேலை உத்தரவைக் கையில் கொடுத்த பிறகு, டீ குடிக்கும்போது கேட்டுக்கொள்ளலாம்.